ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்கான அறிவிப்பு

நாள்: 06.06.2025
நேரில் அளித்து ஒப்புதல் பெறப்படுகிறது

பெறுநர்:
திரு. கு. செல்வராசன், ஸ்டோர் கீப்பர், பணியாளர் எண் 2147, கிடங்குப் பிரிவு

பொருள்: 17.06.2025 அன்று நடைபெறும் உள்விசாரணை
பார்வை: 1) 16.05.2025 நாளிட்ட குற்றச்சாட்டுக் குறிப்பாணை. 2) 23.05.2025 நாளிட்ட தங்கள் விளக்கம்.

ஐயா,

தங்கள் விளக்கத்தைப் படித்தோம். 12 காப்பர் வயர் ரோல்களைக் கொடுத்ததை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஷிப்ட் பொறுப்பாளர் தொலைபேசியில் சொன்னதால் கொடுத்ததாகவும், இன்டென்ட் மறுநாள் வரும் என்று அவர் கூறியதாகவும் எழுதியுள்ளீர்கள். அவர் அதை மறுக்கிறார். இருவர் சொல்வதையும் நேரில் கேட்காமல் முடிவெடுப்பது முறையாகாது என்பதால் விசாரணை நடத்தப்படுகிறது.

விசாரிக்கப்படும் குற்றச்சாட்டுகள் இரண்டு மட்டுமே:
1. 09.05.2025 இரவு ஷிப்டில், ஒப்புதல் பெற்ற இன்டென்ட் இல்லாமல் 12 ரோல்களை வெளியே அனுப்பியது.
2. அதைப் பின் கார்டில் தனி வரியாகப் பதியாமல், இருப்பு 38 என்றிருந்ததன் மேலேயே 26 என்று திருத்தியது. திருத்தத்தின் அருகே சுருக்கொப்பமோ இன்டென்ட் எண்ணோ இல்லை.

திருட்டுக் குற்றச்சாட்டு தங்கள் மீது சுமத்தப்படவில்லை. அதுபற்றி யாரும் தங்களிடம் கேள்வி கேட்கக் கூடாது.

நாள்: 17.06.2025, செவ்வாய்க்கிழமை
நேரம்: காலை 10.30
இடம்: நிர்வாகக் கட்டடம், இரண்டாம் தளம், கூட்ட அறை

16ஆம் தேதி இரவு ஷிப்டிலிருந்து தாங்கள் விடுவிக்கப்படுகிறீர்கள். அதற்குச் சம்பளப் பிடித்தம் இல்லை. இரவெல்லாம் விழித்துவிட்டு விசாரணையில் உட்கார வேண்டிய நிலை வரக் கூடாது. விசாரணை நேரமும் பணிநேரமாகவே கணக்கிடப்படும்.

விசாரணை அதிகாரியாகக் கணக்குப் பிரிவு மேலாளர் இருப்பார். முதற்கட்ட விசாரணையிலோ இருப்புச் சரிபார்ப்பிலோ அவர் பங்கேற்கவில்லை. அவரிடம் பாரபட்சமற்ற விசாரணை கிடைக்காது என்று கருதினால், காரணத்தை எழுத்தில் 11ஆம் தேதிக்குள் கொடுங்கள்.

நிர்வாகம் சார்ந்திருக்கும் ஆவணங்களின் நகல்கள் இத்துடன் உள்ளன:

நி.ஆ.1: பின் கார்டு, இரு பக்கமும் வண்ண நகல் (திருத்தத்தின் மை நிறம் கருப்பு வெள்ளை நகலில் தெரியாது)
நி.ஆ.2: 09.05.2025 தேதியிட்ட கேட் பாஸ்
நி.ஆ.3: வாயில் பதிவேட்டின் அன்றைய இரண்டு பக்கங்கள்
நி.ஆ.4: 12.05.2025 இருப்புச் சரிபார்ப்பு அறிக்கை (கணினியில் 38, நேரில் 26)
நி.ஆ.5: ஷிப்ட் பொறுப்பாளரின் வாக்குமூலம்
நி.ஆ.6: வாயில் காவலரின் வாக்குமூலம்
நி.ஆ.7: சிசிடிவி பதிவு, இரவு 11.00 முதல் 1.00 வரை, பென் டிரைவில்

நி.ஆ.7 பற்றி இரண்டு விஷயங்கள். கேமராக் கடிகாரம் வாயில் கடிகாரத்தைவிட 7 நிமிடம் பின்தங்கியிருந்தது, நி.ஆ.3-இல் உள்ள நேரத்தோடு ஒப்பிடும்போது அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். கேமரா வாயிலை மட்டுமே காட்டுகிறது. ரேக்கும் தங்கள் மேசையும் அதில் இல்லை. மூல ஆவணங்களை அலுவலக நேரத்தில் எந்த நாளும் மனிதவளப் பிரிவில் பார்வையிடலாம். இப்பட்டியலில் இல்லாத ஆவணத்தை நிர்வாகம் முன்வைக்க விரும்பினால், குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னதாகத் தங்களிடம் நகல் தரப்படும். தரப்படாவிட்டால் அது ஏற்கப்படாது.

தங்களுடன் ஒரு துணையாளரை அழைத்துவரத் தங்களுக்கு உரிமை உண்டு. அவர் சக பணியாளராகவோ தொழிற்சங்கப் பிரதிநிதியாகவோ இருக்கலாம். யாரை அழைப்பது என்பது தங்கள் விருப்பம்; எங்கள் ஒப்புதல் தேவையில்லை. அவரைப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டியிருப்பதால் மட்டும், பெயரை 13ஆம் தேதி மாலை 5 மணிக்குள் தெரிவியுங்கள். துணையாளர் தங்கள் தரப்பை எடுத்துரைக்கலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், குறிப்பெடுக்கலாம். தங்களிடம் கேட்கப்படும் கேள்விக்கு மட்டும் தாங்களே பதில் சொல்ல வேண்டும். தனியே கலந்து பேச வேண்டுமென்றால் விசாரணையை நிறுத்தச் சொல்லலாம். பக்கத்து அறை அதற்காகத் திறந்திருக்கும். இவ்வழக்கில் சாட்சியாக வருபவர் துணையாளராக இருக்க முடியாது. இரு தரப்பிலும் வழக்கறிஞர் இருக்க மாட்டார். துணையாக வந்ததற்காக எவர் மீதும் பாதகமான நடவடிக்கை எடுக்கப்படாது.

துணையாளருக்கு அன்று வர இயலாவிட்டால், அடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள் வேறு தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். விசாரணை அந்நாளுக்கு மாற்றப்படும். உடல்நலமின்மை போன்ற காரணமென்றாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள். தகவலின்றி வராதிருந்தால், விசாரணை ஒருதலையாக நடந்து முடிய நேரிடும்.

தங்கள் சாட்சிகளின் பெயர்களையும் ஆவணங்களையும் 13ஆம் தேதிக்குள் தாருங்கள். அன்றிரவு வந்த அழைப்பின் நேரம் தங்கள் கைபேசியில் இன்னும் இருந்தால், அதை அழிக்காமல் வைத்திருங்கள்; முதல் குற்றச்சாட்டில் அது முக்கியமான சான்றாக அமையலாம்.

விசாரணை தமிழில் நடைபெறும். நடவடிக்கைக் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையொப்பமிட்டு, நகல் அன்றே தரப்படும். தவறாகப் பதிவான வரி இருந்தால், கையொப்பமிடும் முன் அங்கேயே ஆட்சேபணையை எழுதுங்கள்.

குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்பட்டால் எச்சரிக்கை முதல் பணிநீக்கம் வரை தண்டனை விதிக்கப்படலாம். இதுவரை எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. தாங்கள் தற்காலிகப் பணிநீக்கத்தில் இல்லை. வழக்கம்போல் பணிக்கு வரவும்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனிதவள மேலாளர்

இணைப்பு: நி.ஆ.1 முதல் நி.ஆ.7 வரை
நகல்: விசாரணை அதிகாரி, பணியாளர் கோப்பு