உடலியங்கியல் தேர்வு: சுருக்கக் குறிப்புகளும் திருப்புதல் அட்டவணையும்

அன்புள்ள இம்ரான், செல்வி, கவிதா, ஜோசப்,

தேர்வு 24-ஆம் தேதி திங்கட்கிழமை. நான்கு பாடங்களின் குறிப்புகளையும் சுருக்கிக் கீழே எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றேதான் இவ்வளவு சிறிதாக வைத்திருக்கிறேன். இதை மட்டும் படித்தால் தேர்வெழுத முடியாது. ஒரு வரியைப் பார்த்ததும் அதன் பின்னால் இருக்கும் ஒரு பக்கத்தை உங்களால் எழுத முடிகிறதா என்று சோதிக்கவே இந்தக் குறிப்பு. எழுத முடியாத வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அந்தப் பகுதியை மட்டும் புத்தகத்தில் தேடிப் படியுங்கள்.

இதயம்

மின்தூண்டல் எஸ்.ஏ. கணுவில் பிறந்து, மேலறைகளில் பரவி, ஏ.வி. கணுவில் சுமார் 0.1 விநாடி தாமதிக்கிறது. பிறகு ஹிஸ் கற்றை, பர்கின்ஜி இழைகள். தாமதம் எதற்கு என்று கேட்டால், மேலறைகள் சுருங்கிக் கீழறைகளை நிரப்பி முடிக்க அவகாசம் வேண்டும் என்பதற்காக.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுழற்சிக்கு 0.8 விநாடி. முதல் ஒலி, மைட்ரல், டிரைகஸ்பிட் வால்வுகள் மூடும்போது. இரண்டாவது, அயோட்டா, நுரையீரல் தமனி வால்வுகள் மூடும்போது. நாம் எல்லோரும் தடுமாறும் இடம் கன அளவு மாறாச் சுருக்கம். அந்தக் கணத்தில் நான்கு வால்வுகளும் மூடியிருக்கும். கீழறை இறுகுகிறது, ரத்தம் நகரவில்லை, அழுத்தம் மட்டும் ஏறுகிறது. இடக் கீழறையின் அழுத்தம் அயோட்டாவின் அழுத்தத்தைத் தாண்டிய பிறகே வால்வு திறக்கும். இதைப் புரிந்துகொண்டால் அழுத்த வரைபடம் முழுவதையும் மனப்பாடம் இல்லாமலே போடலாம்.

இதய வெளியேற்றம் = துடிப்பு வீதம் × ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு. 72 × 70 மி.லி. = 5,040 மி.லி., ஏறத்தாழ 5 லிட்டர். அந்த 70 எப்படி வந்தது என்றால், நிரம்பி முடிந்தபோது 120, சுருங்கி முடிந்தபோது 50.

நுரையீரல்

சாதாரண மூச்சு 500 மி.லி. அதில் 150 மி.லி. காற்றுக்குழாய்களிலேயே நின்றுவிடும். எனவே காற்றறைகளுக்குச் சேரும் காற்று (500 − 150) × 12 = 4,200 மி.லி., 6,000 அல்ல. கணக்காகக் கேட்டால் இந்தக் கழித்தலை விட்டுவிடுபவர்கள் அதிகம். எஞ்சிய கொள்ளளவை, சுமார் 1,200 மி.லி., ஸ்பைரோமீட்டரால் அளக்க முடியாது. அது கலந்த மொத்தக் கொள்ளளவையும் அப்படியே.

ஆக்சிஜன்–ஹீமோகுளோபின் வளைவு வலப்பக்கம் நகர்ந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடுகிறது என்று பொருள். கார்பன் டை ஆக்சைடு, வெப்பம், அமிலத்தன்மை ஆகியவை கூடினால் வலப்பக்கம். ஓடும் காலின் தசையை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே இந்த மூன்றும் கூடியிருக்கும், ஆக்சிஜனும் அங்கேதான் தேவை. சிசுவின் ஹீமோகுளோபினுக்கு வளைவு இடப்பக்கம்.

சிறுநீரகம்

என் கணிப்பில் பெரிய கேள்வி இங்கிருந்துதான் வரும். கவிதா ஒத்துக்கொள்ளமாட்டாள், பரவாயில்லை.

வடிகட்டும் நிகர அழுத்தம்: 60 − 32 − 18 = 10 மி.மீ. பாதரசம். தள்ளுவது தந்துகி முடிச்சின் ரத்த அழுத்தம். எதிர்த்து நிற்பவை ரத்தப் புரதங்களின் இழுவையும் பௌமன் கிண்ணத்தின் அழுத்தமும். புத்தகத்துக்குப் புத்தகம் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். நம் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள். வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு 125 மி.லி., நாளொன்றுக்கு 180 லிட்டர். சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லிட்டர்போல. மீதி 99 விழுக்காட்டுக்கும் மேல் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அண்மைச் சுருள் குழலிலேயே முடிந்துவிடும், குளுக்கோஸ் முழுவதும் அங்கேதான்.

ஹென்லே வளைவில் இறங்கும் கை தண்ணீரை விடும்; ஏறும் கை உப்பை விடும், தண்ணீரை விடாது. இந்த ஒரு வேறுபாடுதான் உள்பகுதியை உப்பு மிகுந்ததாக வைக்கிறது. அந்த உப்பு இல்லாவிட்டால் ஏ.டி.எச். சுரந்தும் சேகரிப்புக் குழலிலிருந்து தண்ணீரை இழுக்க வழியில்லை. ஆல்டோஸ்டிரோன் சோடியத்தை உள்ளே எடுத்து, பொட்டாசியத்தை வெளியே விடும்.

ரெனின் வரிசை: ரெனின் (சிறுநீரகம்), ஆஞ்சியோடென்சினோஜென் (கல்லீரல்), ஆஞ்சியோடென்சின் ஒன்று, நுரையீரல் நாளங்களில் இருக்கும் நொதியால் ஆஞ்சியோடென்சின் இரண்டு, பிறகு ஆல்டோஸ்டிரோன். எது எங்கிருந்து வருகிறது என்பதைச் சேர்த்து எழுதினால்தான் முழு மதிப்பெண்.

நரம்பு

ஓய்வு மின்னழுத்தம் −70 மில்லிவோல்ட், தொடக்க எல்லை −55 அளவில். சோடியம் உள்ளே, பிறகு பொட்டாசியம் வெளியே. முழுத் தடைக் காலத்தில் சோடியம் வாயில்கள் செயலிழந்திருக்கும். மயலின் உறையுள்ள இழையில் தூண்டல் ரேன்வியர் கணுக்களில் தாவிப் போகும். இந்தப் பாடம் ஏற்கெனவே எல்லோருக்கும் கைவந்தது, நீட்டவில்லை.

இனி அட்டவணை. ஒரே பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுபடி தொடாமல் விடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னையே சோதித்துப் பார்த்துக் காட்டியது இதைத்தான்: படித்தவுடனே மறதி வேகமாகத் தொடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு பாடமும் இடைவெளி விட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வரும் நாளில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. வெற்றுத்தாளில் எழுதிய பிறகே திறக்க வேண்டும்.

8 சனி: இதயம், முழுதாக.
9 ஞாயிறு: இதயம், வெற்றுத்தாளில். அரை மணி போதும்.
10 திங்கள்: நுரையீரல்.
12 புதன்: நுரையீரல் வெற்றுத்தாளில், பிறகு இதயத்தில் கோடு போட்ட வரிகள் மட்டும்.
13, 14 வியாழன், வெள்ளி: சிறுநீரகம். இரண்டு நாளும் தேவைப்படும்.
15 சனி: நரம்பு.
16 ஞாயிறு: நெஃப்ரான் படம் போட்டு, ஒவ்வொரு பகுதியிலும் என்ன போகிறது, என்ன வருகிறது என்று ஆளுக்கொரு பகுதியை விளக்க வேண்டும். இதயத்தின் அழுத்த வரைபடமும் அன்றே.
18 செவ்வாய்: நரம்பும் நுரையீரலும், வெற்றுத்தாளில்.
20 வியாழன்: மூன்று மணி நேர முழு மாதிரித் தேர்வு.
21 வெள்ளி: தாள் மாற்றித் திருத்துதல்.
22 சனி: திருத்தியதில் வெளிப்பட்ட ஓட்டைகள்.
23 ஞாயிறு: எண்கள் மட்டும், மாலை வரை. பிறகு தூங்குங்கள், விளையாட்டல்ல.

11, 17, 19 மூன்றும் காலி. தவறியதை ஈடுகட்ட மட்டும் அந்த நாட்கள். புதிதாக எதையும் அதில் திணிக்காதீர்கள்.

எல்லா நாளும் மாலை ஆறரை மணி. செல்விக்கு வெள்ளிக்கிழமைகளில் வேலை இருப்பது தெரியும். 14-இன் பங்கை 13-க்கே நகர்த்திக்கொள்ளலாம், 21 அன்று தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் போதும். மாதிரித் தேர்வின் கேள்விகளை ஜோசப் எழுதட்டும். நம்மில் அவன்தான் இரக்கமில்லாமல் கேட்பான். இம்ரான், உன்னுடைய இதய வரைபடம் எல்லோருடையதையும்விடத் தெளிவு. 16 அன்று முதலில் நீ போடு.

நேரம் யாருக்காவது ஒத்துவராவிட்டால் நாளை மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். குறிப்பில் தவறான எண் கண்ணில் பட்டாலும் உடனே எழுதுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மீனா
7-ஆம் தேதி, வெள்ளி