மூன்றாம் படி

அம்மா தினமும் மாலை ஆறு மணிக்கு அழைப்பாள். எடுத்ததும் நலம் விசாரிக்க மாட்டாள், ஒரு கணக்கைச் சொல்வாள். "இன்றைக்கு வாசலோடு போய்விட்டது." "இன்றைக்கு முதல் படி." நாகப்பட்டினத்துக் கடலோரம், அக்கரைப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்குப் பதினொரு படிகள். கடல் தண்ணீர் எதைத் தொட்டுவிட்டுத் திரும்பியது என்பதுதான் அந்தக் கணக்கு. நான் கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விதைப் பூண்டைப் பல் பல்லாகப் பிரித்தபடி கேட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் சாப்பாடு, மழை, அண்ணனின் இருமல் எல்லாம்.

நானும் என் கணவரும் மலைக்கு வந்தது 2042-இல். குறிஞ்சி பூத்த வருடம். படகை விற்ற பணத்தில் இரண்டு அடுக்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். இந்த 2054-இலும் குறிஞ்சி பூத்து முடிந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் ஆயிற்று என்பதைச் சரிவில் காய்ந்து நிற்கும் செடிகளைப் பார்த்துத்தான் உணர்ந்தேன்.

கீழே அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் கயல், அம்மா. நான்கு பேர். வீடு சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்தது. மாடியை அப்பா பிறகு எழுப்பினார். அந்த அலை வந்தபோது நான் அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம். அம்மாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. "அது வந்தது, அடித்தது, போய்விட்டது. இது வந்து உட்கார்ந்துகொள்கிறது" என்பாள்.

பத்தாம் வகுப்பில் கடல் மட்டம் பற்றி ஒரு பாடம் நடத்தினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் மில்லிமீட்டர் உயர்கிறது என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். அரை நெல்மணி நீளம். வீட்டில் வந்து சொன்னபோது அப்பா சிரித்தார். அந்த வேகம் அதே அளவில் நிற்காது என்று பாடத்திலேயே இருந்தது. நாங்கள்தான் அந்த வரியை மனப்பாடம் செய்யவில்லை. கடல் ஊருக்குள் வருவதற்கு ஆள் உயரம் எழ வேண்டியதில்லை. எங்கள் ஊர் தட்டு போலத் தட்டையானது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் தானாகவே ஏறும். அந்த ஏற்றத்தோடு இரண்டு சாண் சேர்ந்தால் போதும். காவிரியின் வண்டலெல்லாம் அணைகளில் தங்கிவிட, கடைமடை நிலமும் தன் பங்குக்கு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் அலையடித்துக்கொண்டு கடல் பக்கமிருந்து வரும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அது சாக்கடை வழியாக வரும். சத்தமே இருக்காது. முதலில் கழிவறையில் குமிழி விடும், பிறகு தெருவோரத்து வடிகால் பின்னோக்கி ஓடும். அண்ணி அதற்கென்றே ஒரு மணல் மூட்டை தைத்து வைத்திருக்கிறாள். காருவா என்கிற அமாவாசைக்கும் வெள்ளுவா என்கிற பௌர்ணமிக்கும் இரண்டு நாள் முன்னதாக அதைக் கழிவறைக் குழியின் மேல் வைத்து அழுத்துவாள். அந்த நாட்களில் எல்லோரும் மாடிக் கழிவறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அந்த வீட்டில் சூரியனைப் பார்த்துச் சமைப்பதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன. ஏற்றம் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அடுப்பும் அதோடு தள்ளிப்போகும். உவா நாளில் காலையிலேயே தண்ணீர் ஏறிவிடும். அதனால் விடியும் முன்பே இட்லி வெந்துவிட வேண்டும், மதியக் குழம்பும் கொதித்து மாடிக்குப் போய்விட வேண்டும். அரிசியை ஐந்து கிலோ பைகளாகத்தான் வாங்குவார்கள். இருபத்தைந்து கிலோ மூட்டை மலிவுதான், ஆனால் தண்ணீர் வரும் நேரத்தில் அதை யார் தூக்கி ஏற்றுவது? கயலுக்குப் பள்ளிக்கு வெள்ளைச் சட்டை வேண்டுமென்றபோது அண்ணி ஒன்றுதான் வாங்கினாள். உப்புத் தண்ணீரில் நனைந்த வெள்ளை பிறகு வெள்ளையாக இருப்பதில்லை. செருப்பு படியில்தான் கிடக்கும், எந்தப் படியில் என்பதை அம்மா முடிவு செய்வாள். குடிதண்ணீர் லாரி பாலத்தோடு நின்றுவிடும். நான்கு குடமா, ஆறு குடமா என்பது அண்ணனின் முதுகைப் பொறுத்தது.

குளிர்சாதனப் பெட்டிக்குத்தான் பெரிய வழக்கு. முதலில் ஒரு வரிசை செங்கல் வைத்தார்கள். பிறகு இரண்டு. போன வருடம் நான்கு. நான்கு வரிசைக்கு மேல் வைத்தால் அம்மாவுக்கு மேல் தட்டு எட்டாது. புரட்டாசியில் அண்ணன் ஐந்தாவது வரிசைக்குச் செங்கல் கொண்டுவந்து இறக்கினான்.

"வேண்டாம். விற்றுவிடு" என்றாள் அம்மா.

"மீனை எங்கே வைப்பாய்?"

"அன்றன்றைக்குப் பிடித்ததை அன்றன்றைக்குத் தின்போம். மிஞ்சினால் கருவாடு."

விற்றார்கள். அந்தச் செங்கற்களை அண்ணன் மொட்டை மாடியில் மல்லிகைத் தொட்டிகளுக்கு முட்டுக் கொடுத்தான். இதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டி போனதற்காக அல்ல. அதைத் தூக்கி வைக்கலாமா என்று அவர்கள் யோசிப்பதை நிறுத்தியதற்காக.

அதற்குப் பிறகுதான் கயலின் பேச்சை எடுத்தேன். "பூம்பாறையில் பள்ளிக்கூடம் இருக்கிறது. கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டும்" என்றேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் தரையைப் பார்த்திருப்பான் என்று அவன் மௌனத்திலேயே தெரிந்தது. அம்மாதான் பேசினாள்.

"ஒரு பிள்ளை வீட்டைவிட்டுப் போனால், அந்த வீட்டில் இருப்பவர்கள் காவல்காரர்கள் ஆகிவிடுவார்கள். மூன்றாம் படி வரட்டும், அனுப்புகிறேன்."

அந்த வீட்டில் தண்ணீர் இரண்டாம் படியைத் தாண்டியதே இல்லை. அதனால்தான் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

மலை மட்டும் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. எங்கள் மேல் அடுக்கின் கல்வரப்பு ஒரு பாகம் சரிந்து, நட்ட பூண்டோடு கீழ் அடுக்கில் கிடந்தது. பெயர்ந்ததைத் திரும்ப நடுவதா, விதையைப் புகையில் போட்டு அடுத்த போகத்துக்கு வைப்பதா என்று நானும் கணவரும் இரண்டு நாள் பேசினோம். பாதி நட்டோம், பாதியைப் பரணில் ஏற்றினோம். கொடைக்கானல் சாலையில் மண் விழுந்து பஸ் ஒரு நாள் வரவில்லை. என் மகன் திருப்பூரிலிருந்து அழைத்து, "நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்களேன்" என்றான். நான் அம்மாவைப் போலவே பதில் சொன்னேன். வரப்பு இன்னொரு முறை சரியட்டும், பார்க்கலாம் என்று.

தீபாவளி அமாவாசை. ஐப்பசிக் காருவா எப்போதும் முரடு, வாடைக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அம்மா முந்தின வாரமே திட்டம் போட்டுவிட்டாள். எண்ணெய்க் குளியல் நான்கு மணிக்கு, வற்றம் இருக்கும்போதே. அதிரசம் முந்தின நாளே மாடியில் மண்ணெண்ணெய் அடுப்பில். புதுத்துணி உடுத்திக்கொண்டு கீழே யாரும் இறங்கக் கூடாது, ஐந்தாம் படியில் உட்கார்ந்து வாழ்த்து வாங்கிக்கொள்ளலாம். வெடி வேண்டுமா என்று கயலிடம் கேட்டார்களாம். தண்ணீரில் அணைந்துவிடும், மத்தாப்பு போதும் என்றாளாம். பதினொரு வயதுப் பிள்ளை அப்படி யோசித்துப் பேசியதை அண்ணி பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை. ஆறேகாலுக்கு வந்தது.

"மூன்றாம் படி" என்றாள் அம்மா.

நான் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தேன். "அம்மா, எல்லோரும் மாடியில்தானே இருக்கிறீர்கள்?"

"எல்லோரும் நன்றாக இருக்கிறோம். சொன்ன சொல் சொன்னதுதான். திங்கட்கிழமை விடியற்காலை வற்றத்தில் அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவான். அவளுக்குக் குளிர் பழக்கமில்லை. கம்பளி இருக்கிறதா?"

"இருக்கிறது."

"இரண்டு இருக்கிறதா?"

"இருக்கிறது அம்மா."

வைத்துவிட்டாள்.

அவர்கள் திங்கட்கிழமை இரவு வந்து சேர்ந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பிறகு மலைச்சாலை. கயல் பேருந்திலேயே இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் தூக்குவாளி. அதில் அதிரசம். அண்ணனுக்குச் சுடுதண்ணீர் கொடுத்தேன். கயல் என் கணவரோடு பரணில் தொங்கும் பூண்டுக் கற்றைகளை எண்ணப் போன பிறகு, தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"மூன்றாம் படியா அண்ணா? அவ்வளவு உயரமா?"

அண்ணன் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"இரண்டாம் படிதான். அதுவும் முழுதாக நனையவில்லை. அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் இறங்க ஆரம்பித்த பிறகு, ஒரு செம்பில் மொண்டு மூன்றாம் படியில் ஊற்றினாள். கயல் பார்க்கிறாள் என்று தெரிந்துதான் ஊற்றினாள். 'பார், வந்துவிட்டது' என்று சொன்னாள்."

"கயல் ஒன்றும் கேட்கவில்லையா?"

"போய்ப் பையை எடுத்து வைத்தாள்."

அண்ணன் மறுநாள் காலை பஸ்ஸிலேயே திரும்பினான். வலை பின்ன வேண்டுமாம். போகும்போது இரண்டு கிலோ பூண்டு கட்டிக் கொடுத்தேன். ஒரு கிலோ போதும், படியேற்ற வேண்டுமே என்றான். பிறகு இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

அன்று இரவு கயலுக்கு அடுப்புக்குப் பக்கத்தில் கட்டிலை இழுத்துப் போட்டேன். அவள் கட்டிலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"அத்தை, இங்கே கீழே படுக்கலாமா?"

"தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும்மா. கட்டிலில் படு."

"எங்கள் வீட்டில் கீழே யாரும் படுக்க மாட்டார்கள். ஒரு நாள் மட்டும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோது மணி ஆறடித்து நெடுநேரமாகியிருந்தது. அம்மாவின் அழைப்பு அன்று தாமதமாக வந்தது.

"வாசலோடு போய்விட்டது" என்றாள். பிறகு, "பிள்ளைக்கு எங்கே படுக்கை போட்டாய்?"

"தரையில் படுக்க வேண்டும் என்கிறாள்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் வாடைக்காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

"தரையிலா?" என்றாள் அம்மா. "சரி, படுக்கட்டும். அடியில் இரண்டு சாக்கை விரி. அதற்கு மேல் பாய். தலைமாட்டை அடுப்புப் பக்கம் வை."

நான் எழுந்து சாக்குகளை எடுக்கப் போனேன். கயல் அதற்குள் செருப்பைக் கழற்றி, வாசற்படியைப் பார்த்துவிட்டு, வெறும் தரையிலேயே வைத்தாள்.