வாய் வழியா வர்ற கஸ்டமர்: சாட்ஸ்வொர்த் மசாலா கடை ப்ராஜெக்ட்டுக்கு குறிப்போட நூற்பட்டியல்

நிர்மலாக்கா, நாம எடுத்துக்கிட்ட கேள்வி இதுதான். தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்ல இருக்கிற சித்தப்பா கடை மாதிரி ஒரு சின்ன மசாலா கடைக்கு, ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் வர்றதை காசு குடுத்து கூட்ட முடியுமா, இல்ல அது தானா நடக்கிற விஷயமா? நான் படிச்சதுல உருப்படியானதை மட்டும் வச்சிருக்கேன், ஒவ்வொண்ணையும் எவ்வளவு நம்பலாம்னு என் கருத்தும் இருக்கு. வருஷ வரிசையில போடல, நமக்கு உதவுற வரிசையில போட்டிருக்கேன்.

பிரவுன், ரெய்ங்கன். "சோஷியல் டைஸ் அண்ட் வேர்ட்-ஆஃப்-மவுத் ரெஃபரல் பிஹேவியர்." ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச், 1987.
மூணு பியானோ டீச்சர்கிட்ட வர்ற ஆளுங்களை பிடிச்சு, உங்களுக்கு யார் சொன்னா, அவங்களுக்கு யார் சொன்னான்னு நூல் பிடிச்ச மாதிரி பின்னாடியே போயிருக்காங்க. கிடைச்சது ரெண்டு விஷயம். ஒரு கூட்டத்துல இருந்து இன்னொரு கூட்டத்துக்கு சேதி தாண்டணும்னா, அதிகம் பழக்கமில்லாத ஆளு வழியாதான் தாண்டுது. ஆனா கேட்டவங்க முடிவெடுக்கும்போது, நெருங்கின ஆளு சொன்னதுக்குத்தான் மதிப்பு. நம்ம கடையில இதை கண்ணாலயே பாக்கலாம்க்கா. சாட்ஸ்வொர்த் யூனிட் 5 பகுதி ஆன்ட்டிங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அவங்களுக்குள்ளயே சேதி சுத்திக்கிட்டே கிடக்கும். டர்பனோட இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸ்ல இருந்து கஸ்டமர் வர்றது எப்பன்னா, கல்யாண வீட்ல யாரோ ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டு, இந்த பொடி எங்க வாங்கினீங்கன்னு கேட்டதுனாலதான். 
தரம்: ரொம்ப பழசு, வாட்ஸ்அப் இல்லாத காலம், ஒரே ஒரு தொழில், ஆளுங்க ஞாபகத்துல இருந்து சொன்ன பதில். ஞாபகம்ங்கிறது நம்பவே முடியாத சாட்சி, நமக்கே போன வாரம் யார் என்ன சொன்னாங்கன்னு தெரியாது. இருந்தாலும் இதைத்தான் நான் முதல்ல வைப்பேன், ஏன்னா மத்தவங்க எல்லாரும் விற்பனை நம்பரை பாக்குறாங்க, இவங்க மட்டும்தான் பேச்சு எந்த வழியா நடந்துச்சுன்னு பாத்திருக்காங்க, அதே முறையை நாமளும் ஒரு நோட்டும் பேனாவும் வச்சு கல்லாவுல செய்யலாம்.

ஷ்மிட், ஸ்கீரா, வான் டென் புல்ட்டே. "ரெஃபரல் ப்ரோகிராம்ஸ் அண்ட் கஸ்டமர் வேல்யூ." ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங், 2011.
ஜெர்மனியில ஒரு பேங்க். ஆளை கூட்டிட்டு வந்தா 25 யூரோ. கிட்டத்தட்ட 10,000 கஸ்டமரை ஏறக்குறைய மூணு வருஷம் தொடர்ந்து பாத்திருக்காங்க. சொல்லி வந்தவங்க விட்டுட்டு போறது குறைவு, மொத்தத்துல அவங்களோட மதிப்பு சராசரியா 16% அதிகம். ஆரம்பத்துல அவங்ககிட்ட கிடைக்கிற கூடுதல் லாபம் போகப் போக கரைஞ்சிடுது, ஆனா விட்டுப் போகாம இருக்கிற குணம் மட்டும் நிக்குது. 
தரம்: டேட்டா அருமை, கணக்கும் பொறுமையா போட்டிருக்காங்க. ஆனா யார் எப்படி வரணும்னு குலுக்கல் போட்டு பிரிச்ச சோதனை இல்ல, அதனால காசு குடுத்ததாலதான் நல்ல கஸ்டமர் வந்தாங்களா, இல்ல நல்லவங்களுக்கு நல்ல சிநேகிதங்க இருக்காங்களான்னு முழுசா பிரிக்க முடியாது. அப்புறம் பேங்க் அக்கவுன்ட் வேற, மிளகாய்ப்பொடி வேற. அக்கவுன்ட்டை மாத்த சோம்பேறித்தனம் இருக்கும், பொடியை அடுத்த கடையில வாங்க என்ன கஷ்டம்? சித்தப்பா இந்த பேப்பரை பத்தி நான் சொன்னதும், உடனே ஒரு போர்டு அடிக்கலாம்னு கிளம்பிட்டார். அதுல ஒரு சிக்கல் இருக்கு, கடைசி குறிப்பை பாருங்க.

ரைக்ஹெல்ட். "தி ஒன் நம்பர் யூ நீட் டு க்ரோ." ஹார்வர்ட் பிஸினஸ் ரிவ்யூ, 2003. கூடவே கைனிங்ஹாம், கூயில், ஆண்ட்ரியாசன், அக்ஸாய், ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங், 2007.
இந்த ரெண்டையும் சேத்துதான் படிக்கணும். முதல் ஆளு சொல்றது: எங்களை மத்தவங்களுக்கு சிபாரிசு பண்ணுவீங்களான்னு 0-ல இருந்து 10 வரை கேளுங்க, 9, 10 சொன்னவங்க சதவீதத்துல இருந்து 6-ம் அதுக்கு கீழயும் சொன்னவங்க சதவீதத்தை கழிங்க, கம்பெனி வளருமான்னு அந்த ஒரு நம்பரே சொல்லிடும். கேக்க நல்லாத்தான் இருக்கு. அடுத்த கூட்டம் நார்வேயில 21 கம்பெனி, 15,500-க்கு மேல பேட்டின்னு எடுத்து திரும்ப பாத்தப்ப, மத்த அளவுகளை விட இது ஒண்ணும் உசத்தி இல்லன்னு வந்துச்சு. 
தரம்: முதலாவது மேனேஜருங்க படிக்கிற பத்திரிகையில வந்தது, எழுதினவர் கன்சல்டன்சிக்காரர், இந்த நம்பரே அவங்க விக்கிற சரக்கு. ரெண்டாவது ஆய்வு முறையில பலமானது, ஆனா அதுல முதல் ஆசிரியர் ஒரு போட்டி ஆய்வு கம்பெனியில இருந்தவர்ங்கிறதையும் மறைக்கக் கூடாது. சண்டையில ரெண்டு பக்கமும் கடை போட்டிருக்கு. நம்ம கடையில கேள்வியை கேக்கலாம், தப்பில்ல, ஆனா ரிப்போர்ட்ல அந்த நம்பரை வச்சு வளர்ச்சியை கணிக்க வேண்டாம்க்கா, சார் கிழிச்சிடுவார்.

லூகா. "ரிவ்யூஸ், ரெப்யூடேஷன், அண்ட் ரெவென்யூ: தி கேஸ் ஆஃப் யெல்ப்.காம்." ஹார்வர்ட் பிஸினஸ் ஸ்கூல் ஒர்க்கிங் பேப்பர், 2011.
ஆளுங்க கடைகளுக்கு ஸ்டாரும் ரிவ்யூவும் போடுற யெல்ப் தளத்துல இருக்கிற சியாட்டில் ரெஸ்டாரன்ட்டுங்க. ஒரு ஸ்டார் ஏறினா வருமானம் 5-ல இருந்து 9% ஏறுது, ஆனா அது தனிக் கடைகளுக்குத்தான், செயின் கடைக்கு எதுவும் ஆகல, ஏன்னா அது எப்படி இருக்கும்னு ஏற்கனவே எல்லாருக்கும் தெரியும். யெல்ப் ஸ்டாரை அரை அரையா ரவுண்ட் பண்ணும், அதனால 3.24-ம் 3.25-ம் ஒரே தரமா இருந்தும் வேற வேற ஸ்டார் காட்டும், அந்த இடைவெளியை பிடிச்சு அளந்திருக்கார். இந்த பட்டியல்லயே புத்திசாலித்தனமான முறை இதுதான். வருமானமும் வரித்துறை டேட்டா, ஆளுங்க வாயால சொன்னது இல்ல. ஒர்க்கிங் பேப்பர்ங்கிறதை மட்டும் குறிச்சுக்கணும். நம்ம கடைக்கு கூகுள்ல இருக்கிறதே 11 ரிவ்யூ, அதுல 4 நம்ம சொந்தக்காரங்க, அதனால இதை அப்படியே பொருத்த முடியாது.

ஷெவாலியே, மேஸ்லின், ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச், 2006. அமேசான்லயும் பார்ன்ஸ் அண்ட் நோபிள்லயும் புத்தக ரிவ்யூ. 5 ஸ்டார் ஏத்தி விடுறதை விட 1 ஸ்டார் அடிக்கிற அடி பெருசு. நல்ல ஆய்வு, ஆனா புத்தகம். ஒரு வரி மேற்கோளுக்கு போதும்.

ஒரு ஏஜென்சி போட்ட பிடிஎஃப். தள்ளிட்டேன். வாய்வழி விளம்பரத்துக்கு ஈடே இல்லன்னு பக்கத்துக்கு பக்கம் சதவீதம் போட்டிருக்காங்க, யாரை கேட்டாங்க, எத்தனை பேரை, எப்பன்னு ஒரு வரி கூட இல்ல, கடைசி பக்கத்துல அவங்க போன் நம்பர் மட்டும் பளிச்சுன்னு இருக்கு. நீங்க அனுப்பினதுதான், கோவிச்சுக்காதீங்க.

தென்னாப்பிரிக்க சட்டங்கள்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ன் 68, பிரிவு 38. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பாப்பியா, 2013-ன் 4, பிரிவு 69.
இது ஆய்வு இல்ல, ஆனா இது இல்லாம மேல உள்ளது எதையும் இங்க செயல்படுத்த முடியாது. பிரிவு 38 ரெஃபரல் விற்பனையை பத்தினது: இப்ப வாங்குங்க, அப்புறம் வேற ஆளு பேர் குடுத்தா, அல்லது விக்க உதவி பண்ணா, உங்களுக்கு தள்ளுபடி கிடைக்கும்னு ஆசை காட்டி, அந்த தள்ளுபடி வாங்கினதுக்கு அப்புறம் நடக்கிற ஒண்ணை பொறுத்ததா இருந்தா, அப்படி விக்கக் கூடாது. பிரிவு 69 மெசேஜ் விளம்பரத்துக்கு: நம்மகிட்ட வாங்கினவங்களுக்கு நம்ம சரக்கை பத்தி அனுப்பலாம், வேண்டாம்னு சொல்ல ஒவ்வொரு தடவையும் வழி விடணும், மத்தவங்ககிட்ட முதல்ல சம்மதம் வாங்கணும், அந்த சம்மதத்தை கேக்கவும் ஒரே தடவைதான் அனுமதி. 
தரம்: மூல வாசகம், அதுக்கு மேல நம்பகமானது எதுவும் இல்ல. ஆனா அது நம்ம கடைக்கு எப்படி பொருந்தும்னு நான் சொல்றது ஸ்டூடன்ட் வாசிப்புதான், வக்கீல் கருத்து இல்லன்னு ரிப்போர்ட்ல போட்டுடுங்க. 

சித்தப்பா அதுக்குள்ள போர்டு அடிச்சிட்டார்க்கா: "1 கிலோ வாங்குங்க, ஒரு ஆளை கூட்டிட்டு வாங்க, 50 ரேண்ட் திரும்பக் கிடைக்கும்." பிரிவை படிச்சு காட்டினதும் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, போர்டை திருப்பி வச்சு பின்பக்கம் சாக்பீஸ்ல புது தேங்காய் வந்திருக்குன்னு எழுதிட்டார். காவடி சமயத்துல கோயில் அடுப்படியில சேத்த 60 போன் நம்பர் உள்ள நோட்டு மட்டும் இன்னும் கல்லாவுலதான் கிடக்கு, அதை என்ன பண்றதுன்னு திங்கக்கிழமை நீங்க வந்து அவர்கிட்ட பேசுங்க, என் பேச்சு அங்க எடுபடாது.