தைப்பொங்கல் சர்க்கரைப் பொங்கல்: 550 பேருக்கான பொருள் கணக்கும் வேலை ஒழுங்கும்

கோயில் சமையல் தொண்டுக்குப் பெயர் கொடுத்த அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமாருக்கு,

ஜனவரி 15, வியாழக்கிழமை. காலை 9.30க்குப் படையல், 10 மணிக்குப் பிரசாதம். மூன்று பிரிவு லயங்களிலும் எடுத்த கணக்கில் 430 பேர். கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளும் உறவுக்காரரும் 80. மேளக்காரர், தொண்டர் எல்லாம் சேர்த்து 40. ஆக மொத்தம் 550. ஆளுக்கு ஓர் அகப்பை, அதாவது 150 கிராம். பரிமாற 82½ கிலோ பொங்கல் வேண்டும். கீழே உள்ள அளவில் சமைத்தால் ஏறத்தாழ 88 கிலோ கிடைக்கும். மிஞ்சுவது அடியில் ஒட்டுவதற்கும் அகப்பையில் கை தாராளமாகப் போவதற்கும் சரியாகிவிடும்.

பச்சரிசி 12 கிலோ
தோல் நீக்கி உடைத்த பாசிப்பயறு 4 கிலோ
சர்க்கரை (கட்டி வெல்லம்) 18 கிலோ
பசு நெய் 3 கிலோ

இவற்றோடு தண்ணீர் 64 லீற்றர், பசும்பால் 4 லீற்றர், கஜு 1 கிலோ, பிளம்ஸ் 750 கிராம், ஏலக்காய் 100 கிராம், தேங்காய் 6, உப்பு இரண்டு தேக்கரண்டி. சாமிக்கு முற்றத்தில் பொங்கும் புதுப்பானை இந்தக் கணக்கில் இல்லை. அதற்குரிய பொருள் பூசாரியார் வீட்டிலிருந்து வருகிறது.

படையலுக்கு முன்னால் யாரும் ருசி பார்க்க முடியாது. வீட்டில் என்றால் வாயில் வைத்துப் பார்த்து இன்னொரு பிடி வெல்லம் போடலாம். இங்கே அது நடக்காது. அதனால் எல்லாவற்றையும் நிறுத்தே போட வேண்டும். சுண்டுக் கணக்கு வேண்டாம். ஒருவர் தலைதட்டி அளப்பார், இன்னொருவர் குவித்து அளப்பார். கடைத் தராசை இரவல் வாங்கி வருகிறோம். கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டுவரலாம் என்று ஒரு தம்பி சொன்னார். அந்தத் தராசு எத்தனை கிலோவை விழுங்கும் என்று நமக்குத் தெரியாததா!

வாங்கப் போகிறவர்களுக்கு

அரிசி வெள்ளைப் பச்சரிசியாக, ஒரே மூட்டையிலிருந்து இருக்கட்டும். சம்பா, நாடு என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் புழுங்கல். அது எவ்வளவு வெந்தாலும் பருக்கை பருக்கையாகவே நிற்கும், குழையாது. சிவப்புப் பச்சரிசியில் பொங்கல் நன்றாகத்தான் வரும். ஆனால் அதற்குத் தண்ணீரும் நேரமும் கூட வேண்டும். வீட்டுக்கு ஒரு கொத்து என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கலப்பதுதான் கெடுதல். பாதி கூழாகும்போது மீதி நறுக்கென்று இருக்கும். காணிக்கையாக வரும் அரிசியை மத்தியானச் சோற்றுக்கு ஒதுக்குங்கள்.

கடையில் வெறும் 'பருப்பு' என்று கேட்டால் மைசூர்ப் பருப்பைத்தான் கட்டிக் கொடுப்பார்கள். பாசிப்பயறு, தோல் நீக்கி உடைத்தது என்று முழுதாகச் சொல்லுங்கள். அது கிடைக்காமல் முழுப் பச்சைப் பயறுதான் இருந்தால் 5 கிலோ வாங்கி, வறுத்து, திரித்துப் புடைக்க வேண்டும். தோலும் தூளும் போக 4 கிலோ அளவில் தேறும். அந்த வேலைக்கு ஒரு முழுப் பகல் போகும் என்பதால் 13ஆம் திகதிக்குள் சொல்லிவிடுங்கள். வாங்கிய பயறில் ஒரு பிடியை அன்றிரவே வேகவைத்துப் பாருங்கள். முக்கால் மணி நேரத்தில் விரலில் நசுங்காவிட்டால் அது நாள்பட்ட பயறு, மாற்றிவிட வேண்டும்.

வெல்லம் நல்ல பழுப்பு நிறமாக இருந்தால் போதும். பளிச்சென்ற மஞ்சளைத் தேட வேண்டாம். நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கக் கூடாது. கித்துல் கருப்பட்டி மணம் என்று சிலர் கேட்கிறார்கள். 18 கிலோவுக்கு அதை வாங்கக் கட்டாது. விரும்பிக் கொடுப்பவர் இருந்தால் 2 கிலோ வரை வெல்லத்துக்குப் பதிலாகச் சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் நிறம் கறுத்துவிடும். மூடுபனிக்கு வெல்லம் கசியும். சாக்கில் வைக்காமல் மூடியுள்ள வாளியில், அடுப்படிக்குத் தள்ளி வையுங்கள்.

நெய்க்குப் பதில் மாஜரினோ வனஸ்பதியோ வேண்டாம். நம் குளிருக்கு அது மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். நெய்யும் காலையில் உறைந்துதான் இருக்கும். போத்தலைக் கரண்டியால் குத்தாமல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இறக்கி வையுங்கள்.

இரண்டு கிடாரம்

ஒரே பெரிய கிடாரத்தில் பொங்கினால் பார்வைக்கு அழகு. ஆனால் 88 கிலோவை அடிவரை கிளற எவர் கையும் எட்டாது, அடி பிடித்துவிடும். அதனால் 75 லீற்றர் கொள்ளும் கிடாரம் இரண்டு, ஒவ்வொன்றிலும் சரிபாதி: அரிசி 6, பயறு 2, தண்ணீர் 32 லீற்றர், பால் 2 லீற்றர், வெல்லம் 9, நெய் 1½. கிடாரத்துக்கு இரண்டு துடுப்பு, மூன்று ஆள். இரண்டு பேர் கிளற ஒருவர் நெருப்பைப் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் காலையில் கலங்கி வரலாம், முதல்நாள் மாலையே பீப்பாயில் பிடித்துத் தெளியவிடுங்கள்.

விறகு இரண்டு வகையும் வேண்டும். கவ்வாத்து மிலாறு சுள்ளென்று எரிந்து தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்க வைக்கும், ஆனால் நின்று எரியாது. அரிசி போட்ட பிறகு தடித்த கட்டைதான்.

வேலை ஒழுங்கு

பயறை முதல்நாளே வறுத்து வையுங்கள். மணம் வந்து சற்றே நிறம் மாறும்போது இறக்கிவிட வேண்டும். சிவந்தால் பொங்கல் கசக்கும். வறுக்காமல் போட்டால் நுரைத்துப் பொங்கி வழிவதோடு குழகுழவென்று பசையாகும்.

காலை 5 மணிக்கு அடுப்பு. 6 மணிக்குத் தண்ணீர் கொதித்ததும் பயறைக் கழுவிப் போடுங்கள். அரிசியை அப்போதே இரண்டு தரம் கழுவி ஊறவிடுங்கள். பயறு முக்கால் பதம் வெந்ததும், சுமார் 6.30க்கு, அரிசியும் உப்பும். நாம் இருப்பது 1,200 மீற்றருக்கு மேலே. இங்கே தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால் பயறும் அரிசியும் கீழ்நாட்டை விட மெதுவாக வேகும். கொழும்பில் சமைத்துப் பழகியவர்கள் அந்த நேரக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். இறுகினால் ஊற்ற, பக்கத்து அடுப்பில் 10 லீற்றர் கொதிநீர் எப்போதும் தயாராக இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, வேக்காடு நின்றுபோகும்.

காய்ச்சிய பாலை 7.30க்கு, வெல்லத்துக்கு முன்னால் ஊற்ற வேண்டும். வெல்லத்தில் புளிப்பு இருக்கும், அதன்மேல் பால் ஊற்றினால் திரிந்துவிடலாம். தேங்காய்ப் பால் வேண்டும் என்பவர்களுக்கு: வீட்டில் ஊற்றுங்கள், இங்கே வேண்டாம். மத்தியானம் வரை வைத்துப் பரிமாறும் பொங்கல் சீக்கிரம் புளித்துவிடும். தேங்காயைப் பல்லாகக் கீறி நெய்யில் வறுத்துப் போடுகிறோம்.

வெல்லம் போடும் நேரத்தில்தான் பொங்கல் தேறுவதும் கெடுவதும். அரிசியும் பயறும் முழுக்கக் குழைந்த பிறகுதான் வெல்லம் போக வேண்டும். இனிப்பு சேர்ந்ததும் பருக்கைக்குள் தண்ணீர் ஏறுவது தடைப்படும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கிளறினாலும் நறுக்கரிசி நறுக்கரிசிதான், அடி மட்டும் தீயும். நேரமாகிவிட்டது, சாமி காத்திருக்கிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் கேட்க வேண்டாம். நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் தனித்தனியே எடுத்து விரலில் நசுக்குங்கள். மூன்றிலும் நடுப்பொட்டு இல்லாமல் மசிந்தால்தான் சரி. 8 மணிக்கு இது நடக்கும். 8.20 ஆனாலும் படையலுக்குப் பிந்தாது.

இதற்குள் ஒருவர் 18 கிலோ வெல்லத்தையும் உடைத்து, 6 லீற்றர் சுடுநீரில் கரைத்து, துணியில் வடித்திருக்க வேண்டும். மணலும் கரும்புச் சக்கையும் அடியில் நிற்கும், கடைசிக் குவளையை ஊற்றாதீர்கள். கரைந்தால் போதும். பாகு காய்ச்சினால் ஆறியதும் பொங்கல் கட்டியாக இறுகும்.

வெல்லம் ஊற்றுமுன் கட்டைகளை இழுத்துவிட்டுத் தணலை மட்டும் விடுங்கள். இனி அடி பிடிக்கும் நேரம், துடுப்பு நிற்கக் கூடாது. வெல்லத்தோடு கொதிக்கும் பொங்கல் குமிழ் வெடித்துத் தெறிக்கும். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அடுப்பங்கரையில் விடாதீர்கள்.

நெய்யை மூன்று தரமாகப் போடுகிறோம். கிடாரத்துக்கு அரைக் கிலோவில் கஜு, தேங்காய்ப் பல், கடைசியில் பிளம்ஸ் வறுபடும். முக்கால் கிலோ வெல்லத்துக்குப் பிறகு சிறிது சிறிதாக. மீதி கால் கிலோ இறக்கும்போது ஏலத்தூளோடு. முழுவதையும் முதலிலேயே கொட்டினால் மேலே மிதந்து, முதல் ஐம்பது பேருக்கே போய்ச்சேரும்.

8.45க்கு இறக்கும்போது பொங்கல் துடுப்பிலிருந்து மெதுவாக வழிய வேண்டும். 'தண்ணியா இருக்கே' என்று மேலும் வற்ற விடாதீர்கள். நம் குளிரில் ஒரு மணி நேரத்தில் தானாக இறுகும். பரிமாறும்போது கெட்டியானால் அந்தக் கொதிநீரில் அரை லீற்றரை ஊற்றி, சூட்டோடு கிளறிக்கொள்ளுங்கள்.

அடி பிடித்த வாடை வந்தால் சுரண்ட வேண்டாம், கிளறவும் வேண்டாம். மேலே உள்ளதை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அதற்காக ஒரு வெறும் அண்டா கழுவி வைத்திருக்கும்.

பரிமாறல்

150 கிராம் கொள்ளும் அகப்பையை ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டு அதையே கடைசிவரை பாவியுங்கள். ஒரு கிடாரத்தில் 290 அகப்பை வரும். பாதி இறங்கும்போது 145 பேர் போயிருக்க வேண்டும். குறைவாகப் போயிருந்தால் கை பெருத்துவிட்டது என்று அர்த்தம். வாழையிலைத் துண்டு 600 வெட்டிக்கொள்ளுங்கள். சீனி வருத்தக்காரர் அரை அகப்பை கேட்டால் அரைதான், அன்பு மிகுதியில் நிரப்ப வேண்டாம். வரமுடியாத வயதானவர்களுக்கு 40 பங்கை முதலிலேயே எடுத்து லயத்துக்கு அனுப்பிவிடுங்கள். கடைசியில் எடுத்தால் மிஞ்சுவது அடிப்பிடிதான். பால் சேர்ந்த பொங்கல், மீதியை அன்று மாலைக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆள் கூடும் என்று தெரிந்தால் 13ஆம் திகதி மாலைக்குள் சொல்லுங்கள். கூடும் ஒவ்வொரு 50 பேருக்கும் அரிசி 1 கிலோ 100 கிராம், பயறு 360 கிராம், வெல்லம் 1 கிலோ 650 கிராம், நெய் 275 கிராம், தண்ணீர் 6 லீற்றர். 600 வரை இந்த இரண்டு கிடாரம் தாங்கும். அதற்கு மேல் என்றால் மூன்றாவது கிடாரம் வேண்டும், அதற்கு மூன்று ஆளும் வேண்டும்.

பொருள் வாங்கிய பில்களை 14ஆம் திகதி மாலை 5 மணிக்குக் கோயிலில் பொருளாளரிடம் கொடுங்கள். பயறு வறுக்கும் வேலையும் அங்கே அப்போதுதான் தொடங்கும்.

சமையல் பொறுப்பாளர்கள்
தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டி