நோயாளி கீழே விழுந்தது குறித்த நிகழ்வு அறிக்கை

சென்னை. ஆண்கள் பொது மருத்துவ வார்டு, படுக்கை 14, வயது 67. நாள் 12.6.2025, அதிகாலை 3.10.

மருந்து அறையில் இருந்தபோது சத்தம் கேட்டு வந்தேன். விழுந்ததை நான் பார்க்கவில்லை. நோயாளி கட்டிலின் வலப்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத் தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது, சக்கரங்கள் பூட்டியிருந்தன. தரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர். ஒரு செருப்பு காலில், மற்றது கட்டிலுக்கு அடியில். இரவு விளக்கு எரிந்தது.

நோயாளி சொன்னது: “பாத்ரூம் போலாம்னு எழுந்தேன், தலை சுத்துச்சு. தலையில அடிபடல.”

நினைவு தெளிவாக இருந்தது. பி.பி. 100/60, நாடி 96, சர்க்கரை 118. வலது முழங்கையில் 2 செ.மீ. சிராய்ப்பு.

3.15-க்கு டியூட்டி டாக்டருக்குத் தெரிவித்தேன். 3.25-க்கு அவர் வந்து பரிசோதித்த பிறகு, இருவர் சேர்ந்து படுக்கையில் ஏற்றினோம். 3.40-க்கு மகனுக்கு போனில் சொன்னேன்.

— இரவுப் பணி ஸ்டாஃப் நர்ஸ், எழுதிய நேரம் 4.05