லேயில் கடைசி இரவு

18 செப்டம்பர் 2023, திங்கள், இரவு 10 மணி

மதுரையில் ரயிலேறி இன்றோடு 41 நாட்கள் ஆகின்றன. நாளை காலை 7 மணிக்கு டெல்லி விமானம். பிற்பகலில் காற்று வலுப்பதால் இங்கே பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே புறப்பட்டுவிடுகின்றன.

முந்தாநாள் கார்துங் லா கணவாயில், உயரம் 18,380 அடி என்று அறிவிக்கும் பலகையின் முன் எல்லோரையும் போல நானும் படமெடுத்துக்கொண்டேன். உண்மையான உயரம் ஏறத்தாழ 17,580 அடிதான் என்பது தெரிந்திருந்தும், மூச்சு வாங்கியபடி நின்ற எனக்கு அந்த 800 அடியைப் பற்றி வழக்காடத் தோன்றவில்லை.

இன்று எங்கும் செல்லவில்லை. விடுதி முற்றத்தில் ஆப்ரிகாட் பழங்களை உலர்த்திக்கொண்டிருந்த பாட்டி, கணக்கைத் தீர்த்தபின் உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரை ஊற்றித் தந்தார். முதல் வாரம் முகம் சுளித்துக் குடித்த அதை இன்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். வணக்கத்திற்கும் நன்றிக்கும் விடைபெறுவதற்கும் லடாக்கியில் 'ஜூலே' என்ற ஒரே சொல்தான் என்பதால், அவர் சொன்னது அவற்றுள் எது என்று எனக்கு விளங்கவில்லை.

பையில் இன்னும் இடமிருக்கிறது, அம்மாவுக்கு வாங்கிய சால்வையை வைத்த பிறகும். விடிகாலை 4.30க்கு அலாரம் வைத்துவிட்டேன்.