பினாங்கு லிட்டில் இந்தியா துணிக்கடையில் பயிற்சி மாணவர் ஒருவர் தேவை

மார்க்கெட் ஸ்திரீட்டில் இருக்கும் எங்கள் சேலைக்கடைக்கு டிப்ளோமா அல்லது பட்டப்படிப்பு மாணவர் ஒருவரை இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கிறோம். எந்தத் துறையில் படித்தாலும் சரி. கடையில் மொத்தம் நாலு பேர்தான் வேலை செய்கிறோம், அதனால் நீங்கள் செய்கிற வேலை அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும்.

முக்கியமான வேலை, சேலைகளைப் படம் எடுத்து ஷாப்பியில் ஏற்றுவது. முந்தானை, கரை, உடல் மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், அதுவும் கடை வாசலில் உள்ள ஐந்தடியின் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், ஏனென்றால் கடைக்குள் எரியும் மஞ்சள் விளக்கில் மயில்நீலம் பச்சையாக விழுகிறது, வாங்கியவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார். துணி வகை, நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்பதைத் தமிழிலும் மலாயிலும் எழுத வேண்டும். அப்புறம் தினமும் காலையில் வாட்ஸ்அப் ஆர்டர்களுக்குப் பதில், வெள்ளிக்கிழமை மாலையில் ஸ்டாக் எண்ணி எக்செலில் பதிவது. அவ்வளவுதான். தேநீர் வாங்கி வருவது, முதலாளி வீட்டு வேலை, கல்லாவில் உட்காருவது எதுவும் இதில் கிடையாது.

2026 ஆகஸ்ட் 3 முதல் நவம்பர் 6 வரை, 14 வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 முதல் மாலை 6, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. தீபாவளி நவம்பர் 8 என்பதால் அக்டோபரின் கடைசி இரண்டு சனிக்கிழமைகளும் வர வேண்டியிருக்கும், அதற்குப் பதிலாக அடுத்த வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. அந்த மாதம் கூட்டம் நெரியும், நாள் முழுக்க நிற்க நேரும், இதை இப்போதே சொல்லிவிடுகிறோம்.

மாத அலவன்ஸ் 800 வெள்ளி, மாதக் கடைசி வேலைநாளில் கிடைக்கும். மதியச் சாப்பாடு கடைச் செலவு. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருபவர்கள் ஜெட்டியிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

தமிழ் நன்றாகப் பேச வேண்டும், மலாய் எழுதத் தெரிய வேண்டும். கேமரா வேண்டாம், கைப்பேசி போதும். முன் அனுபவம் கேட்கவில்லை, நாங்களே சொல்லித் தருவோம். வர முடியாத நாளில் காலை 9 மணிக்குள் ஒரு செய்தி போட்டால் போதும். ஆனால் எண்ணாத ஸ்டாக்கை எண்ணியதாக எழுதுவதை மட்டும் ஏற்க மாட்டோம். உங்கள் லாக்புக்கில் வாராவாரம் கையெழுத்திடுவதும் கல்லூரி கேட்கும் மதிப்பீட்டுப் படிவத்தை நேரத்தில் நிரப்பித் தருவதும் எங்கள் பொறுப்பு. பயிற்சி முடிந்ததும் வேலை தருவோம் என்று உறுதி சொல்ல முடியாது.

விருப்பமுள்ளவர்கள் கல்லூரிக் கடிதத்துடன், வீட்டில் உள்ள ஏதாவது ஒரு துணியை நீங்களே எடுத்த இரண்டு படங்களையும் ஜூன் 30க்குள் எங்கள் இன்பாக்ஸுக்கு அனுப்புங்கள். தேர்வானாலும் ஆகாவிட்டாலும் ஜூலை 7க்குள் எல்லோருக்கும் பதில் வரும்.